ஒழுக்க வளர்ச்சிப் பக்கத்துக்கு ஓர் உதாரணம்

நோட்டில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது என்பதற்காக, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை நான் திருடி ஆக்கினேன். அதற்குப் பிறகு அவள் பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. திரும்ப வருவாளா மாட்டாளா என்பதுதான் அந்தப் பத்து நாளும் என் தலைக்குள் ஓடியது. பரீட்சையெல்லாம் அதற்கப்புறம்தான்.

பரீட்சை என்றது ஆசிரியர் தகுதித் தேர்வை. பதினெட்டு வருடம் பாடம் நடத்திய பிறகு, பாடம் நடத்த எனக்குத் தகுதி உண்டா என்று வட்டங்களைக் கறுப்பாக்கிக் காட்டச் சொன்னார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படி ஒரு தேர்வே கிடையாது. பிறகு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் மீதமிருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும், தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்குப் பதினாறு வருடம் மீதமிருந்தது. எங்கள் தலைமையாசிரியைக்கு நாலே வருடம். அதனால் அவர் எதுவும் எழுத வேண்டாம், நான் மட்டும் எழுத வேண்டும். இத்தனைக்கும் எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் நாங்கள் இரண்டே பேர். நாலாவதும் ஐந்தாவதும் அவருக்கு. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே அறையில் எனக்கு.

தூத்துக்குடியிலிருந்து வேம்பார் பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பள்ளி வந்துவிடும். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் பனையும் கடலும். நான் சாத்தான்குளத்துக்காரி. எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீருக்கே பாடு. கடல் என்றால் எனக்கு பஸ் ஜன்னலில் தெரிகிற நீலம், அவ்வளவுதான். காலை மணிக்கு முன்னால் வந்து மாலை மணிக்குப் பின்னால் போய்விடுவேன். பதினெட்டு வருடத்தில் அந்த ஊரின் கரையில் நான் நின்ற தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நூற்றைம்பது கேள்வியில் முப்பது குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும். தமிழும் கணக்கும் எனக்குப் பயமில்லை, அன்றாடம் மாரடிக்கிற விஷயம். இந்த முப்பதுதான் உயிரை வாங்கியது. கைடு வாங்கினேன். அதில் எல்லா உதாரணத்திலும் ஒரே பையன் வருவான். அவனுக்கு ஆப்பிள் கொடுப்பார்கள், நாய் கடிக்கும், மாமா ஊருக்கு ரயிலில் போவான், எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்பான். அவன் ஒருவனுக்கே இத்தனை கோட்பாடும் பொருந்துவதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. தேர்வுக்குப் படிக்கிற ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னார், உதாரணத்தை உங்கள் வகுப்பிலிருந்தே எடுத்து எழுதுங்கள், மறக்காது என்று. நல்ல யோசனையாகத்தான் பட்டது.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இடது பக்கம் கோட்பாடு, வலது பக்கம் என் வகுப்பில் நடந்தது. அந்தக் கோட்பாடுகளைச் சொன்ன பெரியவர்களின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதி எழுதி அலுத்துவிட்டது. எனக்குள் அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டேன். அறிவு வளர்ச்சியை நாலு கட்டமாகப் பிரித்தவர் நாலு படிக்காரர். ஆளுமை வளர்ச்சியை எட்டாகப் பிரித்தவர் எட்டுப் படிக்காரர். ஒழுக்க வளர்ச்சிக்கு ஆறு படி வைத்தவர் ஆறு படிக்காரர். இவர்களுக்கு வீடு கட்டும்போது கொத்தனார் என்ன பாடு பட்டிருப்பாரோ.

முதலில் எழுதியது நாலு படிக்காரருக்கு. ஒரே அளவு டம்ளர் இரண்டில் சமமாகத் தண்ணீர் ஊற்றிப் பிள்ளைகளிடம் காட்டினேன். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை ஒடுக்கமான பாட்டிலில் ஊற்றி, எதில் அதிகம் என்று கேட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை யோசிக்கவே இல்லை, பாட்டில் என்றது, உயரமாக இருக்கிறதே என்றது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். திருப்பி டம்ளரில் ஊற்றினால் அதே தண்ணீர்தானே, இதில் என்ன கேள்வி என்றாள். அளவு மாறாமை, மீள்தன்மை, இரண்டும் ஒரே பக்கத்தில் கிடைத்துவிட்டது. அன்றைக்கு பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம் சூடு பிடித்துவிட்டது. தனியாக முடிவதற்கும் துணையிருந்தால் முடிவதற்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பற்றிச் சொன்ன ரஷ்யருக்கு, கடன் வாங்கிக் கழித்தல் வராத பையனை எழுதினேன். முதல் நாள் கடன் வாங்கியதை நானே எழுதிக் காட்டினேன், இரண்டாம் நாள் விரலால் மட்டும் காட்டினேன், மூன்றாம் நாள் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தேன், நாலாம் நாள் எழுந்து போய்விட்டேன். கட்டடம் எழும்ப எழும்பச் சாரத்தைக் கழற்றுகிற மாதிரி. செயல், படம், குறியீடு என்று மூன்று வழி சொன்னவருக்குச் சிப்பிகளை எண்ணிக் கூட்டியது, பிறகு சிப்பியைப் படமாக வரைந்து கூட்டியது, பிறகு வெறும் எண்ணாக எழுதிக் கூட்டியது. உதாரணத்திலிருந்து விதிக்குப் போகிற விதிவருமுறைக்கு, வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளை ஜோடி ஜோடியாக எண்ணவிட்டு, இரட்டை எண் எது என்று அவர்களையே சொல்ல வைத்தது. எதிர்மறை வலுவூட்டலை மட்டும் ஒரு வாரம் தப்பாக வைத்திருந்தேன். பேசினவனை விளையாட விடாமல் உட்கார வைத்ததை எழுதியிருந்தேன். அது தண்டனை, வலுவூட்டல் இல்லை. வகுப்பிலேயே வாய்ப்பாடு சொல்லி முடித்தவர்களுக்கு வீட்டுப்பாடம் கிடையாது என்றதும் எல்லாரும் சொல்லி முடித்தார்களே, அதுதான் சரி. பிடிக்காத ஒன்றை எடுத்துவிடுவதால் நல்ல பழக்கம் அதிகரிக்க வேண்டும். அடித்துத் திருத்தி எழுதினேன்.

இப்படி ஒவ்வொரு வலது பக்கமும் நிறைந்துகொண்டே வந்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. பிள்ளைகளை நான் பிள்ளைகளாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒன்று அழுதால், இது எந்தப் பக்கத்துக்கு என்று யோசித்தேன். ஆறு படிக்காரரின் வலது பக்கம் மட்டும் மூன்று வாரமாகக் காலி. ஒழுக்கத்தைப் பற்றி உதாரணம் வேண்டுமென்றால் யாராவது தப்பு செய்ய வேண்டுமே.

அந்த வாரம் வகுப்பில் பென்சில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. தினமும் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பைகளைச் சோதித்தேன். தண்ணீர் கேள்விக்குப் பதில் சொன்னாளே, அதே பிள்ளையின் பையில் ஏழு பென்சில், இரண்டு ரப்பர், ஒரு ஷார்ப்னர். ஒரு தகர டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. எனக்கு வந்தது சந்தோஷம். பக்கம் நிறைந்துவிட்டது என்கிற சந்தோஷம்.

அவளை முன்னால் நிற்க வைத்தேன். மேசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உதாரணம் முழுமையாக இருக்க வேண்டுமே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அடி கிடைக்கும்னா எடுப்பியா?"

அவள் எடுக்க மாட்டேன் என்று தலையாட்டினாள். வேறு எப்படி ஆட்டுவாள்? அங்கேயே எழுதினேன். மூன்றாம் வகுப்பு மாணவி, பிறர் பொருளை எடுத்தாள், தண்டனை கிடைக்கும் என்றால் எடுக்க மாட்டேன் என்கிறாள். மரபுக்கு முந்தைய நிலை, முதல் படி, தண்டனைக்குப் பயந்து கீழ்ப்படிதல். வயதும் எட்டு, கைடு சொல்கிற கணக்குக்குச் சரியாக வந்தது. கீழே ஒரு கோடு போட்டு மூடினேன். நான் பிள்ளைகளை அடிப்பதில்லை. அடிக்கவும் கூடாது. அவளையும் அடிக்கவில்லை, திருடி என்றும் சொல்லவில்லை. சொல்ல அவசியமே இருக்கவில்லை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் அவள் பின்னாலேயே களவாணி, களவாணி என்று பாடிக்கொண்டு போனதை நான் பஸ் ஸ்டாப்பில் நின்று கேட்டேன். கேட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை காலை பஸ்ஸில் எட்டுப் படிக்காரரின் பக்கம் வந்தது. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைக்கு ஒரே போராட்டம்தான் என்கிறார் அவர். என்னால் முடியும் என்று உழைக்கிற மனமா, நான் ஒன்றுக்கும் ஆகாதவள் என்கிற தாழ்வுணர்ச்சியா? பள்ளியும் ஆசிரியரும்தான் அதில் ஒரு பக்கம் தள்ளிவிடுவார்கள். இடது பக்கத்தை எழுதிவிட்டு வலது பக்கத்தைப் பார்த்தேன். அதற்கான உதாரணம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. பேனாவை மூடிப் பையில் போட்டேன். அவள்மேல் கோபம், தீர்ப்பின்மேல் கோபம், எட்டாகவும் ஆறாகவும் பிரித்தவர்கள்மேல் கோபம். என்மேல் வர வேண்டியதை எல்லாருக்கும் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் வியாழக்கிழமை, சத்துணவு நேரத்தில், தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டோடு வந்தார். அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். ஒன்பது நாளாக வரவில்லையே, என்ன விவரம் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நோட்டையும் காட்டினேன், ஒரு நியாயம் கிடைக்குமென்று. அவர் வலது பக்கத்தை நிதானமாக வாசித்தார்.

"அவ அடுத்தவ பைக்குள்ள கைய விட்டு எடுத்தாளா டீச்சர், தரையில கெடந்தத எடுத்தாளா?"

எனக்குத் தெரியவில்லை. ஏன் எடுத்தாய் என்றாவது கேட்டீர்களா என்றார். அதையும் கேட்கவில்லை.

"இங்கன கரையில வலைய உதறும்போது மணல்ல விழுந்த மீனு பொறுக்குனவளுக்கு. கூடையில கைய வச்சாத்தான் களவு. பிள்ளைக நடக்கப் பழகுனதுமே இதப் படிச்சிரும். பதினெட்டு வருசமா இங்கனதான வாரீய?"

அதட்டலே இல்லாமல் சொன்னார். அதட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவர் போன பிறகு நோட்டின் இடது பக்கத்தைப் பார்த்தேன். என் கையெழுத்தில்தான் இருந்தது. குழந்தை என்ன செய்தது என்பது அல்ல, அதற்கு என்ன காரணம் சொல்கிறது என்பதே அதன் ஒழுக்க நிலையைத் தீர்மானிக்கும். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன், முக்கியமான வினா என்று. எதிர்ப்பக்கத்தில் காரணத்தைக் கேட்காமலேயே ஒரு பிள்ளைக்குப் படி போட்டிருந்தேன். ஆறு படிக்காரர் பிள்ளைகளிடம் கதையைச் சொல்லி, ஏன் ஏன் என்று விடாமல் கேட்டுத்தான் படிகளைக் கண்டுபிடித்தார். நான் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டு, அவள் தலையாட்டியதை எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை பஸ்ஸை விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மீன் விற்றுவிட்டு வந்து பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். மரியாதை குறையவில்லை, அதுதான் சங்கடம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"பரீட்சைக்குப் படிக்கீயளாமே டீச்சர். எம் பிள்ளய வச்சா படிக்கீய?"

பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள், நான் நோட்டில் எழுதியது உட்பட. தப்பு என்னுடையதுதான் என்றேன். பிள்ளையிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றேன். அவள் அம்மா உள்ளே பார்த்து, ஏளா, டீச்சர் கூப்பிடுதாவ, வா என்றாள். பிள்ளை கதவுக்குப் பின்னால் பாதி தெரிய நின்றாள். ஏன் எடுத்தாய் என்று ஒன்பது நாள் தாமதமாகக் கேட்டேன்.

"கீழ விழுந்ததத்தான் பொறுக்குனேன் டீச்சர். பெஞ்சுமேல இருந்தா தொட மாட்டேன், அது களவு. கேட்டா குடுத்துருவேன். ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல."

ஆமாம், அவர்கள் என்னிடம்தான் வந்து கேட்டார்கள். நானும் தேடினேனே தவிர, யாராவது கீழே கிடந்ததை எடுத்தீர்களா என்று வகுப்பில் கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, தண்டனையைப் பற்றி அவள் பேச்சில் ஒரு வார்த்தை இல்லை. எது களவு, எது களவில்லை, எதைத் தொடலாம், எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவள் ஊர் வைத்திருக்கிற விதியை அவள் என் வகுப்பறைக்குள்ளும் மாறாமல் கடைப்பிடித்திருக்கிறாள். அது மூன்றாம் படியா நாலாம் படியா என்று கைடைக் கேட்டால் என்ன சொல்லுமோ, ஆனால் முதல் படி இல்லவே இல்லை. அவள் வயதுக்கு மேலே நின்றிருக்கிறாள். நான் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.

அவள் அம்மா வைத்த நிபந்தனை ஒன்றுதான். எத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க வைத்தேனோ, அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அவள் களவாணி இல்லை என்று நான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அனுப்புவேன் என்றாள். மறுநாள் காலை முதல் வேலையாகச் சொன்னேன். டீச்சர் தப்பு செய்துவிட்டேன், அவள் கீழே விழுந்ததைத்தான் எடுத்தாள் என்றேன். பிறகு ஒன்றாம் வகுப்புச் சில்வண்டு ஒன்று, அப்போ டீச்சருக்கு அடி உண்டா என்று கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். அன்று பாடம் எதுவும் நடத்தவில்லை. வகுப்பில் கீழே விழுகிற சாமானுக்கு என்ன விதி வைக்கலாம் என்று பிள்ளைகளையே பேச விட்டேன். கரையில் ஒரு விதி, வகுப்பில் ஒரு விதி இருக்கலாமா என்று கேட்டேன். அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில், கீழே கிடப்பதை எடுக்கிறவர் ஜன்னலோரப் பெட்டியில் போட வேண்டும், இழந்தவர் அங்கே வந்து தேட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். விதியைச் சேர்ந்து உருவாக்கும்போதுதான் குழந்தை அதைத் தன்னுடையதாக ஏற்கிறது என்று நோட்டில் எங்கோ எழுதியிருந்தேன். அவளும் மற்றவர்களோடு கையைத் தூக்கினாள். பழைய பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்து, அடியில் அவள் சொன்ன காரணத்தை அப்படியே எழுதி வைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

பரீட்சை தூத்துக்குடியில் ஒரு பள்ளியில். என் வயதுக்காரிகள் பாதிப் பேர், மூக்குக் கண்ணாடியும் மாத்திரைப் பையுமாக. வாசலில் செயினையும் வாட்சையும் கழற்றி வைக்கச் சொன்னார்கள். பதினெட்டு வருடம் பரீட்சை ஹாலில் நடந்து பார்த்தவளுக்கு, உட்கார்ந்து பார்த்தபோது எல்லாமே உயரமாகத் தெரிந்தது. குழந்தை வளர்ச்சிப் பகுதியில் ஒரு கேள்வி. ஆசிரியர் தண்டிப்பார் என்ற பயத்தால் மட்டுமே ஒரு குழந்தை ஒரு செயலைத் தவிர்க்கிறது எனில், அது ஒழுக்க வளர்ச்சியின் எந்த நிலையில் உள்ளது? கண்ணை மூடிக்கொண்டு கறுப்பாக்கினேன். தேறிவிட்டேன். மார்க் ஒன்றும் பெருமைப்படுகிற மாதிரி இல்லை, ஆனால் வேலை நிலைத்தது.

முடிவு வந்த மறுநாள் தலைமையாசிரியை வகுப்புக்கே வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் வகுப்பில் சொல்வதை எழுதுதல் கொடுத்தேன். எல்லாரும் குனிந்து எழுத, அவள் மட்டும் கை கட்டி உட்கார்ந்திருந்தாள். ஏன் எழுதவில்லை என்று பக்கத்தில் போனேன். அவள் காலடியில் பென்சில் கிடந்தது. அவளுடையதுதான். நுனியில் பல்லால் கடித்த தடம்கூட எனக்குத் தெரியும்.

எடுத்து எழுது, உன் பென்சில்தானே என்றேன். அவள் பென்சிலைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"எடுத்தா அடிக்க மாட்டீயள்லா டீச்சர்?"

பெட்டி வைத்தது, மன்னிப்புக் கேட்டது, எதுவும் அவளை எட்டியிருக்கவில்லை. நான் அன்று கேட்ட ஒரே கேள்விதான் எட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் எழுதியபோது அது பொய். இப்போது அதில் ஓர் எழுத்துக்கூடத் திருத்த வேண்டியதில்லை, அவள் முதல் படியில்தான் நின்றாள். குனிந்து பென்சிலை நானே எடுத்து அவள் நோட்டின்மேல் வைத்தேன். அப்போதும் கையை அவிழ்க்கவில்லை. நான் திரும்பிக் கரும்பலகைப் பக்கம் நடந்த பிறகுதான், பின்னால் அவள் எழுதத் தொடங்கிய சத்தம் கேட்டது.